நீர்த்துப்போவது எது? ஈக்விட்டி டைல்யூஷனுக்குத் தமிழ்

சிறுதொழில் தொடங்கியவர்களுக்கான பயிற்சி வகுப்பு ஒன்றில் போன மாதம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்தங்களை மொழிபெயர்ப்பது என் பிழைப்பு என்பதால் இதுபோன்ற இடங்களில் காது தானாகவே நீளும். வகுப்பெடுத்தவர் ஒரு மணி நேரத்தில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்: "முதலீட்டாளர் வந்தா உங்க சமபங்கு நீர்த்துப்போயிடும்." கடைசியில் பொடி வகைகள் தயாரிக்கும் அம்மா ஒருவர் எழுந்தார். "ஏனுங்க சார், சமபங்குன்னா அவருக்கும் எனக்கும் பாதிப் பாதிங்களா? நீர்த்துப்போச்சுன்னா என் பங்குக்கு அப்புறம் மதிப்பே இல்லைங்களா?"

இரண்டு கேள்விக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். ஆனால் அவர் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. சொல் சொன்னதை அப்படியே கேட்டிருக்கிறார். தப்பு, ஈக்விட்டி டைல்யூஷன் என்ற ஆங்கிலத்துக்கு இப்படிச் சொல்லைச் செய்தவர் மேல்.

முதலில் ஈக்விட்டி. லத்தீனில் சமம், நேர்மை என்று பொருள்படும் வேரிலிருந்து வந்த சொல். அந்த வேரைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு கூட்டம் 'சமபங்கு' என்றது. தமிழ்நாட்டுப் பாடநூல்களோ 'நேர்மைப் பங்கு' என்றன. அப்படியானால் லாபத்தில் முதலில் ஈவு பெறும் முன்னுரிமைப் பங்கு என்ன, நேர்மையற்ற பங்கா? சொல் தொழிலுக்குள் வந்த வழியே வேறு. பழைய இங்கிலாந்தில் நிலத்தை அடமானம் வைத்தவர் தவணை நாளைத் தவறவிட்டால் நிலம் போய்விடும். அது அநியாயம் என்று சான்சரி நீதிமன்றம் தலையிட்டு, கடனை அடைத்து நிலத்தை மீட்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தது. அந்த நியாயத்தின் பெயர்தான் ஈக்விட்டி. பிறகு, கடன் போக அந்தச் சொத்தில் அவருக்கு மிஞ்சியிருக்கும் மதிப்பையே அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஆக இன்றைய பொருள், கடன்களெல்லாம் போக உரிமையாளருக்கு மிஞ்சுவது. இதில் சமமும் இல்லை, நேர்மையும் இல்லை. இலங்கையின் கணக்கீட்டு நூல்கள் 'உரிமையாண்மை' என்று எழுதுகின்றன; பொருளைப் பிடித்த சொல். நிறுவனப் பங்கைப் பற்றிப் பேசும்போது வெறும் 'பங்கு' என்றாலே போதும். ஊரில் எல்லோருக்கும் புரிகிறது.

டைல்யூஷனும் லத்தீன்தான். கழுவிக் கரைப்பது என்பது அதன் வேர்ப்பொருள். தமிழில் வேதியியல்காரர்கள் இதற்கு 'நீர்த்தல்' என்று வைத்தார்கள், நல்ல சொல். நீர்த்த கந்தக அமிலத்தில் அமிலத்தின் அளவு குறைவதில்லை, மொத்தக் கரைசலில் அதன் விகிதம்தான் குறைகிறது. வேதியியலோடு நின்றிருந்தால் எனக்கும் குறையில்லை. ஆனால் பத்திரிகைத் தமிழில் 'நீர்த்துப்போதல்' வேறு வேலைக்குப் போய்விட்டது. மசோதா சட்டத்தை நீர்த்துப்போகச் செய்கிறது, சாட்சி பல்டியடித்ததால் வழக்கு நீர்த்துப்போனது என்றெல்லாம் படிக்கிறோம். அங்கே அதன் பொருள் வீரியம் போய்விட்டது, ஒன்றுக்கும் உதவாது என்பது. அந்த அம்மா கேட்டது இந்தத் தமிழைத்தான்.

சரி, உண்மையில் நடப்பது என்ன? அவர் கணக்கையே போல ஒன்றை எடுத்துக்கொள்வோம். நிறுவனத்தில் மொத்தம் 10,000 பங்குகள். அக்காவிடம் 8,000, தம்பியிடம் 2,000. ஒரு முதலீட்டாளர் வருகிறார். பேசி முடித்ததில், அவர் பணம் உள்ளே வருவதற்கு முன் நிறுவனத்தின் மதிப்பு 2 கோடி ரூபாய் என்று ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் ஒரு பங்கின் விலை 2,000 ரூபாய். அவர் போடுவது 50 லட்சம், எனவே அவருக்கு 2,500 பங்குகள்.

இந்த 2,500 பங்குகள் எங்கிருந்து வந்தன என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அக்கா தன் பங்கிலிருந்து ஒன்றைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. நிறுவனம் புதிதாக வெளியிட்டு அவருக்கு ஒதுக்கியது. தன் பங்கையே விற்றிருந்தால் பணம் அக்காவின் கைக்குப் போயிருக்கும், நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு வந்திருக்காது. 'கம்பெனியில 20 பர்சன்ட் கொடுத்துட்டேன்' என்று எல்லோரும் சொல்கிறோம், பேச்சுக்குப் பரவாயில்லை. ஆனால் சட்டம் பார்க்கும் காட்சி வேறு. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 62-ஆவது பிரிவு புதுப் பங்குகளை முதலில் இருக்கும் பங்குதாரர்களுக்கே விகிதப்படி தரச் சொல்கிறது; வெளியாளுக்குத் தர வேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதாவது பதிவான வாக்குகளில் நாலில் மூன்று பங்கு ஆதரவு. அக்காவிடம் 80 சதவீதம் இருப்பதால் அவர் கையெழுத்தில்லாமல் இது நடக்காது.

இப்போது மொத்தம் 12,500 பங்குகள். அக்காவின் 8,000 அப்படியே இருக்கிறது, ஆனால் அது 64 சதவீதம். தம்பிக்கு 16, முதலீட்டாளருக்கு 20. இங்கே பலர் 80-இல் 20-ஐக் கழித்து 60 என்று எழுதிவிடுகிறார்கள். 'கொடுத்தேன்' என்ற சொல் செய்யும் வேலை அது. கொடுத்தால் கழிக்கத்தானே தோன்றும்? நடந்தது கழித்தல் இல்லை, பழைய பங்குதாரர் ஒவ்வொருவரின் விகிதமும் ஐந்தில் நான்காகச் சுருங்கியது. இன்னொரு இடறல், 2 கோடி என்பது பணம் வருவதற்கு முந்தைய மதிப்பா, வந்த பிறகான மதிப்பா என்று எழுதிவைக்காமல் விடுவது. பிந்தையது என்று முதலீட்டாளர் வாதாடி ஜெயித்தால் அதே 50 லட்சத்துக்கு 25 சதவீதம் போகும், அக்கா 60-க்கு இறங்குவார்.

இனி மதிப்பைப் பாருங்கள். முன்பு 2 கோடியில் 80 சதவீதம், 1 கோடியே 60 லட்சம். இப்போது நிறுவனத்தில் 50 லட்சம் பணம் சேர்ந்து மதிப்பு இரண்டரைக் கோடி. அதில் 64 சதவீதம் எவ்வளவு? அதே 1 கோடியே 60 லட்சம். எது நீர்த்துப்போனது? வாக்குவலிமை குறைந்தது, வருங்கால லாபத்தில் விழும் விகிதம் குறைந்தது. அதைக் குறைவு என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ஆனால் பாலில் தண்ணீர் ஊற்றவில்லை, பாலைத்தான் ஊற்றியிருக்கிறார்கள்.

தண்ணீர் ஊற்றுவது எப்படி இருக்கும் தெரியுமா? அதே அக்கா, முதலீட்டாளருக்குப் பதிலாகத் தம்பியின் மச்சானுக்கு 2,500 பங்குகளை முகமதிப்பான 10 ரூபாய்க்கே ஒதுக்குகிறார் என்று வையுங்கள். நிறுவனத்துக்கு வருவது 25,000 ரூபாய். மொத்தப் பங்குகள் இப்போதும் 12,500, அக்காவுக்கு இப்போதும் 64 சதவீதம். ஆனால் 2 கோடிச் சொச்சத்தை 12,500-ஆல் வகுத்தால் பங்கு ஒன்றுக்கு 1,602 ரூபாய்தான். அக்காவின் 8,000 பங்குகள் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் ஆகிவிட்டன. 32 லட்சம் ஒரு கையெழுத்தில் கரைந்துபோனது. இதற்குச் சொல்லுங்கள் நீர்த்துப்போதல் என்று, கை தட்டுகிறேன்.

ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறது. நாம் ஏன் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டும்? விகிதம் மட்டும் குறைவதற்குப் 'பங்குவீதக் குறைவு' என்று வைத்துக்கொள்ளலாம். மலிவு விலைக்குப் பங்கு வெளியிட்டதால் பழைய பங்கின் மதிப்பு கரைவதை மட்டும் 'பங்கு நீர்த்துப்போதல்' எனலாம். தண்ணீர் உருவகம் அங்கேதான் பிறந்தது என்பதும் என் கட்சி. அமெரிக்காவில் சொத்து மதிப்புக்கு மீறி அச்சடித்த பங்குகளை நீரேற்றிய பங்கு என்று கேலி செய்தார்கள். மாட்டு வியாபாரியாக இருந்து பங்குச் சந்தைக்கு வந்த டேனியல் ட்ரூ, மாடுகளுக்கு உப்புக் காட்டித் தாகமெடுக்க வைத்து, எடை போடுமுன் வயிறு முட்டத் தண்ணீர் காட்டுவாராம். அவரைப் பற்றி அப்படி ஒரு கதை உலவுகிறது. கதை எப்படியோ, 1868-இல் ஈரி ரயில்வேயைக் கைப்பற்ற ரயில்வே அதிபர் வாண்டர்பில்ட் பங்குகளை வாங்கிக் குவித்தபோது, ட்ரூவும் அவர் கூட்டாளிகளும் கடன் பத்திரங்களைப் பங்குகளாக மாற்றிச் சந்தையில் அவிழ்த்துவிட்டது வரலாறு. வாங்க வாங்க வாண்டர்பில்ட்டின் விகிதம் நழுவிக்கொண்டே போனது.

நண்பர் ஒருவர் என் சொல்லில் உள்ள 'வீதம்' தமிழா என்று சண்டைக்கு வருகிறார். 'பங்கு விழுக்காடு இறக்கம்' என்று ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறார். விழுக்காடும் இறக்கமும் சேர்ந்தால் கேட்பவருக்குப் பங்கு விலை விழுந்ததாகவே படும் என்றேன். தூய்மை பார்ப்பது நல்லதுதான். ஆனால் எட்டாம் வகுப்பில் வட்டிக் கணக்குப் போட்டவருக்கு வீதம் தெரியும், அவருக்குப் புரிவது எனக்குப் போதும்.

சொல் பிழை காசு பிழையாக மாறும் இடம் ஒன்று உண்டு. முதலீட்டு ஒப்பந்தங்களில் ஆன்ட்டி டைல்யூஷன் என்றொரு பிரிவு வரும். அதை 'நீர்த்தல் தடுப்பு' என்று மொழிபெயர்த்த பிரதி ஒன்று திருத்தத்துக்காக என்னிடம் வந்தது. நிறுவனர் அதைப் படித்துவிட்டு, தன் பங்கு இனிக் குறையாது என்று நிம்மதியாக இருந்திருக்கிறார். அது அவரைக் காக்கும் பிரிவே அல்ல. அடுத்த முதலீட்டுச் சுற்றில் பங்கு விலை இறங்கினால் முதலீட்டாளருக்கு ஈடு கட்டும் பிரிவு, அந்த ஈடு நிறுவனரின் வீதத்திலிருந்துதான் போகும்.

அக்காவின் கணக்கிலேயே பார்த்துவிடலாம். முதலீட்டாளர் வாங்கியது பின்னால் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு. இரண்டு வருடம் கழித்து வியாபாரம் மந்தம், அடுத்தவர் பங்கு ஒன்றுக்கு 1,000 ரூபாய்தான் தருகிறார், 25 லட்சம் போட்டு 2,500 பங்குகள் எடுக்கிறார். அந்தப் பிரிவு இல்லாவிட்டால் மொத்தம் 15,000; அக்காவுக்கு 53.3 சதவீதம். பிரிவு முழு ஈடு தரும் வகையாக இருந்தால், பழைய முதலீட்டாளரும் 1,000 ரூபாய்க்கே வாங்கியதாகக் கணக்கிட்டு, அவருடைய 2,500 பங்குகள் 5,000 ஆக மாறும். மொத்தம் 17,500, அக்காவுக்கு 45.7. பாதிக்குக் கீழே வந்துவிட்டார். இரண்டு சுற்றின் விலையையும் பங்கு எண்ணிக்கையையும் சேர்த்துச் சராசரி பார்க்கும் வகை ஒன்றும் இருக்கிறது, அதில் அடி இவ்வளவு பலமாக விழாது. கையெழுத்துக்கு முன் எந்த வகை என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் தடுப்பு என்று எழுதியிருக்கும்போது யாருக்குக் கேட்கத் தோன்றும்?

அந்தப் பிரதியில் நான் 'விலையிறக்க ஈடு' என்று திருத்தி, 'முதலீட்டாளருக்கான' என்று முன்னால் ஒரு சொல்லும் சேர்த்து அனுப்பினேன். அகராதியில் அப்படி இல்லையே என்று பதில் வந்தது. நிறுவனரிடமிருந்து மட்டும் அன்று இரவே தொலைபேசி அழைப்பு வந்தது. அந்தப் பிரிவை இன்னொரு தரம் வாசித்துக் காட்டச் சொன்னார்.