சுருள் ஏன் படுத்துக்கொண்டது?

தண்டையார்பேட்டையில் அக்கா வீட்டு மொட்டைமாடி. ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள், பள்ளிக்கூடத்தில் காட்டுவதற்கு ஒரு மோட்டார் செய்துகொண்டிருந்தாள். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வளையக் காந்தம் காயலான் கடையில் கிடைத்தது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை ஒன்று பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. அங்கே 26 கேஜ் எனாமல் கம்பியைக் கொஞ்சம் எடைபோட்டு வாங்கினோம். பெரிய டார்ச் பேட்டரி ஒன்று, இரண்டு ஊக்கு, உப்புத்தாள். இவ்வளவுதான் சாமான்.

கம்பியை ஒரு குழாய் மேல் 20 சுற்றுச் சுற்றி, இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் வட்டச் சுருள் ஆக்கினாள். இரண்டு முனைகளையும் எதிரெதிராக நீட்டி, மின்சாரத்தை விடாத எனாமல் பூச்சை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்தெடுத்து, ஊக்குகளின் காதில் நுழைத்தாள். கீழே காந்தம். பேட்டரியை இணைத்ததும் சுருள் ஒரு துள்ளு துள்ளி, முன்னும் பின்னும் ஆடி, காந்தத்துக்கு மேலே தட்டையாகப் படுத்துக்கொண்டது. கையால் தட்டிவிட்டால் திரும்பவும் ஆடி, அதே மாதிரி படுத்தது. ஊக்கு மட்டும் சூடானது.

"மாமா, காந்தத்துக்குப் பலம் போதலையோ?" என்றாள்.

பலம் போதும். படுத்துக்கொள்வதுதான் சுருளின் இயல்பு. ஏன் என்று பார்க்க, முதலில் ஒற்றைக் கம்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

காந்தப்புலத்தில் வைத்த கம்பியில் மின்னோட்டம் போனால், கம்பி பக்கவாட்டில் தள்ளப்படும். காந்தத்தை நோக்கியும் இல்லை, மின்னோட்டம் போகும் பக்கமும் இல்லை. இரண்டுக்கும் செங்குத்தாக, மூன்றாவது ஒரு திசையில். இந்த விசித்திரமான திசையை வைத்தே 1821-ல் மைக்கேல் ஃபாரடே, பாதரசத்தில் முனை தோய்ந்த ஒரு கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுற்றி வரவைத்தார். பள்ளியில் சொல்லித்தரும் பிளெமிங்கின் இடக்கை விதி இந்த மூன்று திசைகளையும் விரல்களில் ஞாபகம் வைத்துக்கொள்ளும் வழி: ஆள்காட்டி விரல் காந்தப்புலம், நடுவிரல் மின்னோட்டம், கட்டைவிரல் விசை.

உண்மையில் தள்ளப்படுவது கம்பிக்குள் நகரும் எலக்ட்ரான்கள். அவை கம்பியை விட்டு வெளியே போக முடியாததால் கம்பியையும் சேர்த்துத் தள்ளுகின்றன. அவை நகரும் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எங்கள் கம்பியில் 2 ஆம்பியர் ஓடினால், எலக்ட்ரான்கள் சராசரியாக நொடிக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை. எறும்பு இதைவிட வேகம். ஆனால் எண்ணிக்கை அவ்வளவு அதிகம் என்பதால் மொத்தத் தள்ளு கையில் தெரிகிற அளவுக்கு வந்துவிடுகிறது.

எவ்வளவு வரும்? நேர்க்கம்பிக்கு விசை `F = B I L`. ஸ்பீக்கர் காந்தத்துக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே புலம் 0.04 டெஸ்லா என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் பூமியின் காந்தப்புலம் இருப்பதைப்போல் இது சுமார் ஆயிரம் மடங்கு. மின்னோட்டம் 2 ஆம்பியர், கம்பி 5 சென்டிமீட்டர் என்றால் விசை 0.004 நியூட்டன். அரை கிராம் எடைகூட இல்லை. அதனால்தான் ஒரே கம்பியை வைத்து யாரும் மோட்டார் செய்வதில்லை. கம்பியைச் சுற்றிச் சுற்றிச் சுருளாக்கினால் ஒவ்வொரு சுற்றும் தன் பங்கைத் தரும்.

சுருளாக்கியதும் இன்னொன்றும் நடக்கிறது. சுருளின் ஒரு பக்கத்தில் மின்னோட்டம் போகிறது, எதிர்ப்பக்கத்தில் திரும்பி வருகிறது. ஆகவே இரண்டு பக்கத்து விசைகளும் எதிரெதிர். சுருள் செங்குத்தாக நிற்கும்போது மேல்பக்கம் முன்னால் தள்ளப்படும், கீழ்ப்பக்கம் பின்னால் தள்ளப்படும். இரண்டும் சேர்ந்து சுருளைத் திருப்பும். இதுதான் திருப்புவிசை. சுருள் தட்டையாகப் படுத்திருக்கும்போதும் விசைகள் அதே அளவுதான், அதே திசைதான். ஆனால் இப்போது ஒன்று இந்தப் பக்கம் இழுக்கிறது, மற்றது அந்தப் பக்கம் இழுக்கிறது, இரண்டும் ஒரே கோட்டில். சுருளை விரிக்கப் பார்க்குமே தவிர, திருப்பாது. சைக்கிள் பெடல் நேர் கீழே வந்துவிட்டபின் எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் சக்கரம் நகராதில்லையா, அதேதான்.

சூத்திரமாகச் சொன்னால் `τ = N I A B sin θ`. இதில் N சுற்றுகளின் எண்ணிக்கை, A சுருளின் பரப்பு, θ சுருளின் அச்சுக்கும் காந்தப்புலத்துக்கும் இடையில் உள்ள கோணம். அச்சு என்று இங்கே சொல்வது சுருளின் முகத்துக்குச் செங்குத்தான கோட்டை. ஊக்கில் நுழைத்த கம்பியோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் சுருளுக்கு 20 சுற்று, 2 ஆம்பியர், சுமார் 0.0005 சதுர மீட்டர், 0.04 டெஸ்லா. செங்குத்தாக நிற்கும்போது திருப்புவிசை கிட்டத்தட்ட 0.0008 நியூட்டன் மீட்டர். சுருளின் விளிம்பில் ஆறு கிராம் எடையைத் தொங்கவிட்டது போல. சுருளே இரண்டரை கிராம் அளவில்தான் இருக்கும், ஆகவே தாராளமாகப் போதும். தட்டையாகப் படுத்தால் θ பூஜ்யம், திருப்புவிசையும் பூஜ்யம்.

பூஜ்யம் என்பதோடு விஷயம் முடியவில்லை. வேகத்தில் சுருள் அந்த இடத்தைத் தாண்டிப் போனால், அடுத்த அரைச்சுற்றில் திருப்புவிசையின் திசை மாறிவிடுகிறது. முன்னால் தள்ளிக்கொண்டிருந்தது இப்போது பின்னால் இழுக்கிறது. பள்ளத்தில் விட்ட கோலிக்குண்டு போலச் சுருள் ஆடி ஆடி அடங்கிவிடும். மாடியில் நாங்கள் பார்த்தது இதைத்தான். சுருள் எப்போதும் தட்டையாகவே வந்து நிற்கிறது, ஊக்கும் பேட்டரியும் சூடாகின்றன என்றால், மின்சாரம் நன்றாகவே போகிறது, முனை முழுக்கத் தேய்க்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

தீர்வு, பின்னால் இழுக்கும் அரைச்சுற்றில் மின்னோட்டத்தை நிறுத்திவிடுவது. ஒரு முனையைச் சுற்றி முழுக்கத் தேய்க்கலாம். மறுமுனையில் பாதிச் சுற்றளவில் எனாமல் இருக்க வேண்டும். அவள் ஏற்கெனவே இரண்டையும் தேய்த்துவிட்டதால், அக்காவின் நகப்பாலிஷை ஒரு முனையின் பாதியில் பூசி உலரவிட்டோம். சுருள் இப்போதும் ஓடவில்லை.

இந்த இரண்டாவது தோல்விதான் எனக்குப் பிடித்தது. பூசும்போது அவள் சுருளைத் தரையில் படுக்கவைத்து முனையின் மேல்பாதியில் பூசியிருந்தாள். அப்படிப் பூசினால், மின்சாரம் பாயும் அரைச்சுற்றின் நடுவில் சுருள் தட்டையாக இருக்கும். அந்த அரைச்சுற்றின் ஒரு பாதியில் முன்தள்ளு, மறுபாதியில் பின்னிழுப்பு. வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, உராய்வுக்கும் கொடுக்க வேண்டியிருந்தால் சுருள் எப்படி ஓடும்? பாலிஷைச் சுரண்டிவிட்டு, இந்தத் தடவை சுருளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்து, முனையின் மேல்பாதியில் பூசினாள். இப்போது மின்சாரம் பாயும் அரைச்சுற்று முழுவதும் தள்ளு ஒரே பக்கம். மீதி அரைச்சுற்றை வேகத்திலேயே கடந்துவிடும். விரலால் லேசாகத் தட்டினாள், சுருள் பிடித்துக்கொண்டு ஓடியது. எதிர்ப்பக்கம் தட்டினால் திரும்பி வந்து சரியான பக்கமே ஓடும். காந்தத்தைப் புரட்டி வைத்தால் சுழலும் திசை மாறும்.

ஆனால் இது பாதி நேரம் சும்மா இருக்கும் மோட்டார். அப்புறம், தானாகப் புறப்படவும் தெரியாது. சமையலறை மிக்சிக்குள் இருப்பது இதன் முழு வடிவம். ஆர்மேச்சர் என்ற இரும்பு உருளையின் பள்ளங்களில் ஒரு சுருளுக்குப் பதில் பல சுருள்கள், ஒவ்வொன்றும் சற்றுத் திரும்பிய கோணத்தில். அவற்றின் முனைகள் கம்யூட்டேட்டரின் செப்புக் கட்டைகளில் முடிகின்றன, கார்பன் பிரஷ் இரண்டு அதன்மேல் உரசிக்கொண்டே இருக்கும். ஒரு சுருள் தட்டையான நிலையைத் தாண்டும் நேரத்தில் பிரஷ் அடுத்த கட்டைக்கு மாறி, அந்தச் சுருளில் மின்னோட்டத்தைத் திருப்பிவிடுகிறது. நிறுத்தாமல் திருப்பிவிடுவதால் அடுத்த அரைச்சுற்றிலும் முன்தள்ளுதான். ஏதாவது ஒரு சுருள் எப்போதும் நல்ல கோணத்தில் இருப்பதால், எந்த நிலையில் நின்றிருந்தாலும் புறப்படும்.

வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 தடவை திசை மாறுகிறதே, மிக்சி ஏன் முன்னும் பின்னும் ஆடவில்லை? மிக்சியில் நிலைக்காந்தம் கிடையாது. காந்தத்தின் வேலையைச் செய்வது சுற்றியிருக்கும் ஃபீல்டு காயில். அதுவும் ஆர்மேச்சரும் ஒரே மின்னோட்டத்தை வாங்குகின்றன. மின்னோட்டம் திரும்பும்போது காந்தப்புலமும் கூடவே திரும்புகிறது. இரண்டும் சேர்ந்து திரும்பினால் விசையின் திசை மாறாது.

சுழலும் சுருளுக்கு இன்னொரு குணம் உண்டு. காந்தப்புலத்தில் சுற்றும்போது அதுவே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் மின்சாரத்தை எதிர்க்கும். எங்கள் மாடிச் சுருள் நொடிக்கு 10 சுற்றுப் போனாலும் இந்த எதிர் மின்னழுத்தம் உச்சத்தில் 0.025 வோல்ட்தான். பேட்டரியின் 1.5 வோல்ட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. அதனால் ஓடும்போதும் பேட்டரி சூடாகும், அரை நிமிடத்துக்கு மேல் விடக்கூடாது. மிக்சியில் நிலைமை வேறு. அது நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுப் போவதால், மின்னோட்டத்தை அளவோடு வைத்திருப்பதில் பெரும்பங்கு இந்த எதிர்ப்புக்குத்தான்.

கெட்டித் தேங்காய்ச் சட்னிக்குத் தண்ணீர் விடாமல் அரைக்கும்போது பிளேடு சிக்கி நின்றுவிட்டால், அந்த எதிர்ப்பு பூஜ்யமாகிவிடும். மின்னோட்டம் பல மடங்கு ஏறும். சுழற்சி இல்லாததால் விசிறிக் காற்றும் இல்லை. "ம்ம்..." என்று உறுமலும் எனாமல் கருகும் வாசனையும் வருவது அப்போதுதான். மிக்சியின் அடியில் இருக்கும் சிவப்புப் பட்டன் இந்த நேரத்துக்காக வைத்தது. மின்னோட்டம் எல்லை மீறினால் உள்ளே இருக்கும் சுவிட்ச் இணைப்பைத் துண்டித்துவிடும். உடனே அழுத்தக் கூடாது. பிளக்கைப் பிடுங்கி, ஜாரை எடுத்து, சட்னியைத் தளர்த்தி, மோட்டார் ஆறும்வரை காத்திருந்த பிறகு பட்டனை உள்ளே தள்ள வேண்டும்.