பேட்ச்: ஒட்டா, பாத்தியா?

பெங்களூருவில் கணினியில் பொருள்களை வடிவமைக்கும் கேட் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் சுற்றும் குறிப்புகளில் 'சர்ஃபேஸ் பேட்ச்' என்று வரும் இடத்திலெல்லாம் 'ஒட்டுப் பரப்பு' என்று இருக்கிறது. மென்பொருளில் பிழை திருத்தும் பேட்சுக்கு யாரோ வைத்த பெயரை இங்கேயும் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். சொல் தவறு என்பதோடு முடிந்தால் விட்டுவிடலாம். இந்தச் சொல் கணக்கையே தவறாகப் புரியவைக்கிறது.

ஆங்கிலத்தில் பேட்ச் என்றால் கிழிசலுக்கு வைக்கும் துணி; சிறு நிலத்துண்டும் அதுவே. 1960களில் எம்.ஐ.டி.யில் ஸ்டீவன் கூன்ஸ் நான்கு எல்லை வளைவுகளுக்கு நடுவே விரியும் பரப்பை இந்தப் பெயரால் விவரித்தார். இதற்குப் பொருந்துவது நிலத்துண்டுதான்.

ஒட்டு என்றால் அடியில் இன்னொன்று இருக்க வேண்டும். பேட்சுக்கு அடியில் எதுவும் கிடையாது. நான்கு வரிசை, வரிசைக்கு நான்கு என 16 கட்டுப்பாட்டுப் புள்ளிகள் இருந்தால் போதும், பரப்பு முழுவதும் அவற்றிலிருந்தே பிறந்துவிடும். பிரெஞ்சுக் கார் நிறுவனமான சிட்ரோயனில் 1959இல் தி காஸ்தெல்ஜோ கண்ட முறை இது: அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே ஒரே விகிதத்தில் புள்ளி எடுத்தால் நான்கு மூன்றாகும், மூன்று இரண்டாகும், இரண்டு ஒன்றாகும். அந்த ஒன்று வளைவின் மேல் இருக்கும். பரப்புக்கு இதையே இரண்டு திசையில் செய்கிறோம். ஒவ்வொரு வரிசையிலும் v விகிதத்தில் ஒரு புள்ளி. கிடைத்த நான்கையும் புதிய வளைவாக வைத்து u விகிதத்தில் ஒரு புள்ளி.

```
Q = [None] * 4
for i in range(4):
    Q[i] = casteljau(P[i], v)
S = casteljau(Q, u)
```

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். புள்ளிகள் 30 மி.மீ. இடைவெளியில் கட்டமாக நிற்கின்றன. ஓரத்துப் புள்ளிகள் 12க்கும் உயரம் 0, உள்ளே இருக்கும் நான்குக்கும் 16 மி.மீ. u, v இரண்டும் 1/2. ஓர வரிசைகள் இரண்டும் 0 தரும். நடு வரிசையில் 0, 16, 16, 0 என்பது 8, 16, 8 ஆகி, 12, 12 ஆகி, 12இல் நிற்கும். இனி மறு திசை: 0, 12, 12, 0 என்பது 6, 12, 6, பிறகு 9, 9, கடைசியில் 9. புள்ளிகளை 16க்கு உயர்த்தியும் பரப்பின் நடு 9 மி.மீ.தான் எழும்புகிறது. பரப்பு உறுதியாகத் தொடுவது நான்கு மூலைப் புள்ளிகளை மட்டுமே. 'ஒட்டு' என்று படித்தவர் எல்லாப் புள்ளியிலும் பரப்பு ஒட்டியிருக்கும் என்று எதிர்பார்த்து, 9ஐப் பார்த்ததும் நிரலில் பிழை தேடுகிறார்.

உண்மையான பிழை வேறிடத்தில் வரும்: u, v இடம் மாறுவது. மேலே உள்ள கட்டம் இரு திசையிலும் ஒரே மாதிரி இருப்பதால் அது இந்தப் பிழையைக் காட்டாது. `P[3][0]` மூலையை மட்டும் 10 மி.மீ. உயர்த்துங்கள். u=1, v=0 கொடுத்தால் 10 வர வேண்டும்; u=0, v=1இல் அது வந்தால் திசை மாறிவிட்டது. எந்தத் திசையை முதலில் சுருக்கினாலும் விடை ஒன்றே என்பதால், வரிசையா நெடுவரிசையா என்ற கவலை வேண்டாம். எந்த விகிதம் எந்தத் திசைக்கு என்பதே முக்கியம்.

'ஒட்டு' செய்யும் பெரிய கேடு இரண்டு பேட்சுகள் சேரும் இடத்தில். ஓரத்து நான்கு புள்ளிகளையும் பொதுவாக வைத்தால் இடைவெளி வராது. ஒட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். நம் பேட்சுக்கு அடுத்து அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் ஓரத்தில் பள்ளமான மடிப்பு விழும். பரப்பின் வழவழப்பைச் சோதிக்கும் வரிக்குதிரைக் கோடுகளை ஓடவிட்டால் அவை அந்த இடத்தில் துண்டாகித் தள்ளி நிற்கும். மடிப்பு போக வேண்டுமானால் இந்தப் பக்கத்து 16, ஓரத்து 0, அந்தப் பக்கத்துப் புள்ளி மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். அதாவது, அதே 30 மி.மீ. இடைவெளியில் அடுத்த பேட்சின் முதல் உள்வரிசையில் நடு இரண்டு புள்ளிகளும் -16இல் இருக்க வேண்டும்.

ஆகவே நான் பரிந்துரைப்பது 'பரப்புப் பாத்தி'. பாத்தி என்ற சொல்லிலேயே பகுத்தல் இருக்கிறது. நான்கு பக்கமும் வரப்பு, பக்கத்துப் பாத்தியோடு பொது வரப்பு. வரப்பு பொதுவாக இருப்பதால் மட்டும் இரு பாத்தியின் மண்ணும் ஒரே சரிவில் இருந்துவிடாது என்பது விவசாயம் தெரிந்த எவருக்கும் தெரியும். கன்னடத்திலும் இதே பொருளில் 'பாதி' உண்டு என்பதால் பக்கத்து இருக்கைக்காரருக்கும் விளங்கும். 'பரப்புத் துண்டு' என்பதை மறுக்கவில்லை, ஆனால் வெட்டி எடுத்த மிச்சத்தையும் துண்டு என்போம். கேட் வடிவமைப்பில் டிரிம் செய்த, அதாவது ஓரம் வெட்டிய பரப்பு தனி வகை, அதற்கு நான்கு பக்கம் இருக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை அதற்கே விட்டுவைக்கலாம். அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து எழுதும் மொழிபெயர்ப்பாளர்கள், ஒரு பாத்தியையாவது கையால் கணக்கிட்டுப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்கட்டும்.