பில் கட்டாத போதைக்காரரைப் பிடித்து வைக்கலாமா?

வேலூர் ஹோட்டல் பார்களுக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பலர் சிஎம்சியில் சொந்தக்காரரைச் சேர்த்துவிட்டு வந்தவர்கள். தூக்கமில்லை, காலையிலிருந்து சரியான சாப்பாடும் இல்லை. அப்படிப்பட்டவருக்குச் சீக்கிரம் ஏறிவிடும்.

எங்கள் பாரில் அப்படி ஒருவர். குரல் உயர்ந்தது, கேட்டதையே திரும்பக் கேட்டார். அங்கேயே கேப்டன் அடுத்த ரவுண்டை நிறுத்தினார். "போதும் சார்" என்று நாலு பேர் முன்னால் சொன்னால் ரோஷம் வரும். அதனால், "முதல்ல சாப்பாடு சொல்லட்டுமா சார்?" என்றார். பேசுவது ஒருவர் மட்டும், அதுவும் பக்கவாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று. மூன்று பேர் சூழ்ந்து நின்றாலே அவருக்கு அது சண்டைதான். மோர், எலுமிச்சை, காபி எதுவும் போதையை இறக்காது. நேரம்தான் இறக்கும்.

பில் வந்ததும் அவர் கத்தினார், தட்டைத் தள்ளிவிட்டார். புதுப் பையன் ஒருவன் அவருடைய செல்போனை எடுத்துக்கொண்டு, "காசைக் கட்டிட்டு வாங்கிக்கோங்க" என்றான். இன்னொருவன் கதவை மறித்தான். உடனே போனைத் திருப்பிக் கொடுக்க வைத்தோம், கதவையும் விடச் சொன்னோம். பில் பாக்கிக்காக ஒருவரின் பொருளைப் பறிக்க நமக்கு உரிமை கிடையாது. போகவிடாமல் அடைத்து வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 127-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தப்பு செய்தவர் அவர்தான், ஆனால் வழக்கு நம் பையன் மேல் வந்துவிடும். அவர் அடிக்க வந்தால் தற்காப்புக்குத் தேவையான அளவு தடுக்கலாம். விழுந்த பிறகும் ஒரு அடி கொடுத்தால் அது தற்காப்பு இல்லை.

பில் நகலில் அவருடைய அறை எண்ணைக் குறித்துக்கொண்டோம். கூட வந்தவரைத் தனியாக அழைத்துப் பேசினோம். அவர் பணத்தைக் கட்டி அறைக்குக் கூட்டிப்போனார். யாரும் கூட இல்லாமல், வெளியே போகச் சொல்லியும் போகாமல் கலாட்டா செய்தால் 112-க்குப் போன் செய்வதுதான் வழி. வண்டி எடுக்கப் பார்த்தால் ஆட்டோ பிடித்துத் தாருங்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ கிடைக்கும் என்று சொல்லுங்கள். கேட்காமல் கிளம்பினால் வண்டி எண்ணைப் போலீசுக்குச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, நாக்கு குழறுவதெல்லாம் போதை இல்லை. இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் குடித்தவருக்குச் சர்க்கரை இறங்கினாலும் இப்படித்தான் தள்ளாடுவார், வியர்த்துக் கொட்டும். எழுப்பியும் எழவில்லையா? வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம், அன்று இரவே நேரம், டேபிள் எண், கடைசியாகக் கொடுத்த பெக், பார்த்தவர்களின் பெயர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுங்கள். சிசிடிவி பதிவையும் தனியாக எடுத்து வையுங்கள், சில நாளில் அதன் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும்.