ஃபர் தொடுவதற்குத்தான் மென்மை, பார்ப்பதற்கு அல்ல

மறுபடியும் அதே மாதிரியான ஆடை வடிவமைப்புப் படம் என் மேசைக்கு வந்திருக்கிறது. நீளமான கம்பளிக் கோட்டு, நரி ரோமக் காலர், கஃப் இரண்டிலும் தீக்கோழி இறகு. வரைந்தவருக்குத் திறமை இல்லை என்று சொல்ல முடியாது. துணி மடிப்புகள் அவ்வளவு கச்சிதம். ஆனால் கழுத்தைச் சுற்றிக் காலருக்குப் பதிலாகப் புகை படிந்திருக்கிறது. தைப்பவர் படத்தைப் பார்த்துவிட்டு, “இது ஃபரா, பஞ்சா? எவ்வளவு நீளம் விடுவது?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லத்தானே அந்தப் படம்!

“ஃபர் மென்மையானது, ஆகவே ஓரத்தையும் மென்மையாக்க வேண்டும்” என்ற எண்ணத்தை எத்தனை முறை திருத்தினாலும் அது திரும்பி வந்துவிடுகிறது. மென்மை என்பது கை அறிவது. கண்ணுக்குத் தெரிவது வேறு: ரோமங்கள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்து நுனியில் கூர்மையாகின்றன, கொத்துகளுக்கு நடுவே இருண்ட பிளவுகள் இருக்கின்றன. அந்த இருட்டும் அந்தக் கூர்மையும்தான் பார்ப்பவருக்கு ‘ஃபர்’ என்று சொல்கின்றன. மங்கலாக்கும் கருவி என்ன செய்கிறது? பக்கத்துப் பக்கத்து வெளிச்சத்தையும் இருட்டையும் கலந்து சராசரியாக்குகிறது. பிளவுகள் மறைகின்றன, நுனிகள் கரைகின்றன. மிஞ்சுவது ஃபர் அல்ல, குவியம் தவறிய புகைப்படம்.

இதைச் சொன்னதும் சிலர் எதிர்த்திசையில் ஓடி, ஒவ்வொரு ரோமமாக வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 170 செ.மீ. உயர உருவத்தை 3000 பிக்சல் உயரத்தில் வரைந்தால் ஒரு செ.மீ.க்குச் சுமார் 18 பிக்சல். ஆறு செ.மீ. நீள ரோமத்துக்கு நூறு பிக்சலுக்குச் சற்று மேல் கிடைக்கும், இரண்டு செ.மீ. நீளமுள்ள குட்டை ரோமத்துக்கு 35தான். ஒற்றை ரோமத்தின் தடிமன் ஒரு பிக்சலைக்கூட எட்டாது. அந்த அளவில் தனி ரோமங்களை நெருக்கி வரைந்தால் அவையும் சாம்பல் இரைச்சலாகத்தான் முடியும். வரைய வேண்டியது கொத்துகளை. நீளத்தை முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். தைப்பவர் கேட்ட கேள்விக்கு அதுதான் விடை.

அந்தக் காலரை இப்படித் திருத்தினோம். மங்கலான அடுக்கை அப்படியே நீக்கிவிட்டு, ஓரம் கூர்மையான தூரிகையால் காலரை ஒரே நடுநிறத்தில் தடித்த உருளையாகப் போட்டோம். வெளிச்சம் மேலே இடப்பக்கத்திலிருந்து வந்ததால் காலரின் கீழ்வயிற்றில் ஒரு நிழல், கோட்டின் மேல் விழும் நிழல் இன்னொன்று. அதன் பிறகுதான் கொத்துகள். வெளிக்கோட்டில் V வடிவ வெட்டுகளைச் சமமில்லாத இடைவெளியில் உள்ளே இறக்கினோம்; ஒரே அளவில் வெட்டினால் அது ரம்பப் பல்லாகிவிடும். கடைசியாகத் தனி ரோமங்கள், அவையும் வெகு சில: வெளிச்சம் நிழலாக மாறும் இடத்திலும், பின்னணியிலிருந்து காலர் துலக்கமாகப் பிரியும் இடத்திலும் மட்டும். தூரிகையில் அழுத்தத்துக்கேற்பத் தடிமன் மாறட்டும், ஒளிபுகும் தன்மை மாற வேண்டாம். வேரிலிருந்து நுனிக்கு இழுத்துக் கையைத் தூக்கிவிடுங்கள். காலரின் நிழலும் கோட்டின் நிழலும் ஒரே நிறத்தில் சேரும் இடத்தில் ஓரம் தொலைந்துபோகலாம். மென்மைக்கு உரிய இடம் அதுதான்.

ஃபர் கஃப்பில் இன்னொரு தவறு நடக்கிறது. சுற்றிலும் ஒரே நீளத்தில் கோடு இழுத்து, மணிக்கட்டில் சூரியனை உதிக்க வைத்துவிடுகிறார்கள். பட்டியின் நடுப்பகுதி ரோமம் நம்மை நோக்கி நிற்கிறது. அங்கே நுனிகள் மட்டுமே தெரியும், ஆகவே குட்டையான, நெருக்கமான குறிகள் போதும். முழு நீளம் தெரிவது இரு பக்க ஓரங்களில்தான்.

இறகுக்கு நடுத்தண்டுதான் முதல் கோடு. தீக்கோழி இறகின் இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்வதில்லை. அதனால்தான் தண்டின் இரு பக்கமும் தளர்ந்து தொங்குகின்றன. தண்டை வளைவாகப் போட்டு, இழைகளை நுனிப்பக்கம் சாய்வாகக் கிளப்பி, முனையில் தொங்கவிடுங்கள். தையலில் தொடங்கி விரல்களை நோக்கி விழும் இறகுகளில் முன்னால் இருக்கும் மூன்று நான்கை முழுதாக வரைந்தால் போதும்; பின்னால் உள்ளவை இருண்ட வடிவமாக நிற்கட்டும். மாராபூ எனப்படும் பூந்தூவியில் மட்டும் தண்டு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. அதற்கும் கொத்துகளும் முனைகளும் உண்டு, தயவுசெய்து அதையும் பஞ்சாக்கிவிடாதீர்கள்.

400 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ரோமம் வரையாதீர்கள். அங்கே அழகாகத் தெரிவது முழுப்படத்தில் தெரியாது. அடிக்கடி படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். காலர் உருண்டையாகத் தெரியவில்லை என்றால் கோளாறு ரோமத்தில் இல்லை, அடியில் போட்ட நிழலில் இருக்கிறது. மேலே இன்னும் நூறு கோடு இழுக்காமல் அந்த அடுக்குக்குத் திரும்பிப் போங்கள்.