ஐந்து படங்களுக்கும் ஒரே பெயர் வேண்டாம்

ஆன்லைன் துணிக்கடைகளின் பக்கங்கள் பார்வையற்றவர்களுக்குப் பயன்படுகின்றனவா என்று சோதித்துச் சொல்வது என் வேலை. அவர்கள் கைபேசியில் டாக்பேக், கணினியில் என்.வி.டி.ஏ. போன்ற ஸ்கிரீன் ரீடர்களை வைத்துப் பக்கத்தைக் காதால் கேட்கிறார்கள். படம் வந்தால், அதோடு எழுதி வைத்த விளக்கத்தை, அதாவது ஆல்ட் டெக்ஸ்டை, ஸ்கிரீன் ரீடர் வாசிக்கும். எழுதாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் படத்தைத் தாண்டிப் போய்விடும். படமே ஒரு இணைப்பாக இருந்தால், கோப்பின் பெயரை எழுத்தும் எண்ணுமாக வாசித்துக்கொண்டிருக்கும்.

காலியாக விடக்கூடாது என்பது இப்போது பலருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் எல்லாப் படத்துக்கும் பொருளின் பெயரையே போட்டுவிடுகிறார்கள். ஒரு கண்டாங்கி சேலையை எடுத்துக்கொள்வோம். முழுச் சேலை, முந்தி, கரை, கட்டியிருக்கும் மாடல், துவைக்கும் முறை எழுதிய அட்டை என்று ஐந்து படங்கள். ஐந்திலும் "காரைக்குடி கண்டாங்கி காட்டன் சேலை". தலைப்பும் அதே. கேட்பவருக்கு ஒரே வரி ஆறு முறை காதில் விழுகிறது. சேலை என்ன நிறம் என்பது மட்டும் கடைசிவரை தெரிவதில்லை.

பார்க்க முடிந்தவர் அடுத்தடுத்த படத்துக்குப் போவது ஏன்? முந்தி எப்படி, கரை எவ்வளவு அகலம் என்று ஒவ்வொரு கேள்வி இருப்பதால்தான். அந்தந்தப் படம் எந்தக் கேள்விக்குப் பதிலோ, அதை எழுத வேண்டும். முதல் படத்தில் பொருளின் பெயர் வரட்டும்:

```html
<img src="kandangi-manjal-muzhu.jpg"
 alt="கண்டாங்கி சேலை: கடுகு மஞ்சளில் கறுப்புக் கட்டங்கள், இருபுறமும் அகலமான அரக்குக் கரை">
<img src="kandangi-manjal-munthi.jpg"
 alt="முந்தி: அரக்கு நிறம், குறுக்கே மஞ்சள் கோடுகள், நுனியில் குஞ்சம்">
```

இரண்டாவது படத்தில் "கண்டாங்கி சேலை" என்று மறுபடி சொல்லத் தேவையில்லை. கேட்பவர் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறார். "படம்" என்றும் தொடங்க வேண்டாம், அதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். "அழகான", "கண்ணைக் கவரும்" போன்றவற்றை நான் அடித்துவிடுவேன். கட்டம் பெரியதா சிறியதா என்பது அந்த இடத்தில் வரட்டும்.

பார்வையற்றவருக்கு நிறம் எதற்கு என்று கேட்கும் கடைக்காரர்கள் உண்டு. நடுவயதில் பார்வை போனவர்களுக்கு அரக்கு என்றால் மனதில் அந்த நிறமே வரும். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கும் வீட்டில் இருக்கும் ரவிக்கை இதற்குப் பொருந்துமா, விசேஷத்துக்குக் கறுப்பு கலந்ததைக் கட்டலாமா என்று தெரிய வேண்டும். அதனால் "சன்செட் ப்ளிஸ்" மாதிரிப் பெயரை மட்டும் வைத்தால் போதாது. நிறம் தேர்ந்தெடுக்கும் சின்ன வட்டங்களுக்கும் இது பொருந்தும்; பெயர் எழுதாத வட்டம் வெறும் "பட்டன்" என்றுதான் கேட்கும்.

மாடல் படத்தில் ஒரு சிக்கல் உண்டு. அவர் போட்டிருக்கும் கறுப்பு ரவிக்கை சேலையோடு வராது என்றால், அதை ஆல்ட் டெக்ஸ்டில் மட்டும் ஒளித்து வைக்கக்கூடாது. அது வாங்குகிற எல்லாருக்கும் வேண்டிய தகவல், பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகவே இருக்க வேண்டும். துவைக்கும் முறை அட்டையும் அப்படித்தான். ஆல்ட் டெக்ஸ்டை ஒரே மூச்சில் கேட்டுத்தான் ஆக வேண்டும், வரி வரியாகத் திரும்பிப் போய்ப் பார்ப்பது சிரமம். அதனால் அட்டையில் இருப்பதைப் பக்கத்திலேயே தட்டச்சு செய்துவிட்டு, படத்துக்கு "துவைக்கும் முறை, விவரம் கீழே" என்று எழுதினால் போதும். வெறும் அலங்காரப் பூவுக்கு `alt=""` என்று காலியாக விடுங்கள்; ஸ்கிரீன் ரீடர் அதைத் தொடாமல் போகும்.

சரி, கூகுள்? படத்தில் என்ன இருக்கிறது என்று புரிந்துகொள்ள ஆல்ட் டெக்ஸ்டையும் பக்கத்தில் உள்ள எழுத்தையும் அது சேர்த்தே பார்க்கிறது. "மஞ்சள் கண்டாங்கி அரக்குக் கரை" என்று தேடுபவருக்கு மேலே எழுதிய வரி உதவும். "சேலை காட்டன் சேலை ஆன்லைன் சேலை குறைந்த விலை சேலை" என்று அடுக்குவதை வேண்டாம் என்று கூகுளே தன் வழிகாட்டியில் சொல்கிறது. அப்படி அடுக்கிய பக்கத்தை ஒரு தடவை காதால் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு கொடுமை என்று தெரியும்.

சோதிப்பது எளிது. என்.வி.டி.ஏ. இலவசம். அதை ஓடவிட்டு, உங்கள் பக்கத்தில் G விசையை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு படமாக வாசிக்கும். திரையைப் பார்க்காத ஒருவரை உட்காரவைத்து, கேட்டு முடித்ததும் முந்தி என்ன நிறம் என்று கேளுங்கள்.

அப்புறம் யார் எழுதுவது என்பது. பெரும்பாலும் படத்தை ஏற்றுபவரிடம் இந்த வேலை போய்ச் சேர்கிறது. அவர் சேலையைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார், அரக்கா சிவப்பா என்று திரையைப் பார்த்து ஊகிப்பார். படமெடுக்கச் சேலையைப் பிரிக்கும் நேரத்தில், கையில் வைத்திருப்பவரே ஐந்து வரியைச் சொல்ல, கைபேசியில் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள்.