கோடிட்ட இடமும் தமிழ் விடையும்: இணையப் பாடத் தேர்வுகளை மொழிபெயர்ப்போர் கவனத்திற்கு

சென்னையில் ஆய்வகத் தொழில்நுட்பம் பயில்வோருக்கான இணையப் பாடங்களைத் தமிழாக்கும் பணியில், பாடத்தைவிடத் தேர்வுப் பகுதியே அதிகச் சிக்கலைத் தருகிறது. பாடத்தில் ஒரு சொற்றொடர் சற்றுப் பிசகினாலும் படிப்பவர் பொருளை ஊகித்துக்கொள்வார். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியிலோ விடையை மதிப்பிடுவது கணினி என்பதால், சரியாக எழுதியவருக்கும் சுழியம் விழுந்துவிடும்.

இரத்தத்தில் ஆக்சிஜனைக் கொண்டு செல்வது எது என்ற எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஆங்கில மூலத்தில் அது செயப்பாட்டு வினையில் அமைந்து, கோடு வாக்கியத்தின் இறுதியில் இருக்கும். அதை அப்படியே மாற்றினால் ‘இரத்தத்தில் ஆக்சிஜன் ______ கொண்டு செல்லப்படுகிறது’ என்று வரும். இங்கே கோட்டில் ‘ஹீமோகுளோபின்’ என்று மட்டும் எழுதினால் வாக்கியம் முழுமை பெறாது; ஆகவே தமிழ் நன்கு அறிந்தவர் ‘ஹீமோகுளோபினால்’ என்று எழுதுவார், அதுவே அவருக்கு மதிப்பெண்ணைப் பறிக்கும். கோட்டுக்குப் பின்னால் ‘ஆல்’ என்ற உருபை ஒட்டவைப்பது பார்வைக்கும் பொருந்தாது, புணர்ச்சிக்கும் பொருந்தாது. வாக்கியத்தையே திருப்பி, ‘இரத்தத்தில் ஆக்சிஜனைக் கொண்டு செல்லும் புரதம் ______ ஆகும்’ என்று அமைத்தால் விடை உருபு ஏற்காமல் எழுவாய் வடிவிலேயே நிற்கும். ‘புரதம்’ என்று சேர்ப்பதால் சிவப்பணு என்ற விடைக்கும் இடமில்லாமல் போகிறது. கேள்வியின் கடினத்தன்மை சற்றே குறைவது உண்மைதான்; ஆயினும் பாட ஆசிரியரின் ஒப்புதல் பெற்று இந்த மாற்றத்தைச் செய்வதே நேர்மையானது என்பது என் கருத்து.

அடுத்தது விடைப்பட்டியல். மூடுல் போன்ற தளங்களில் ஒரு கேள்விக்குப் பல விடைகளைப் பதிந்து, ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண்ணும் தனிப் பின்னூட்டமும் தரலாம். தமிழ்நாட்டுப் பாடநூலில் படித்தவர் ‘ஹீமோகுளோபின்’ என்பார். இலங்கையில் படித்தவர் ‘ஈமோகுளோபின்’ என்பார். அவசரத்தில் ‘ஹிமோ’ என்று குறிலாகத் தட்டச்சு செய்பவரும் உண்டு. இக்கேள்வி சோதிப்பது எழுத்துக்கூட்டலை அன்று என்பதால் மூன்றுக்கும் முழு மதிப்பெண் தர வேண்டும்.

உருபு சேர்ந்த விடைகளையும் ஏற்க நினைத்து, சிலர் சொல்லின் இறுதியில் உடுக்குறி இடுவார்கள். அந்தக் குறி எந்தத் தொடர்ச்சியையும் ஏற்கும் என்பது ஆங்கிலத்தில் சரி. தமிழில் உருபு சேரும்போது இறுதிப் புள்ளி மறைந்துவிடுகிறது.

```
ஹீமோகுளோபின்*   → ஹீமோகுளோபினால் : பொருந்தாது
ஹீமோகுளோபின*    → ஹீமோகுளோபினால் : பொருந்தும்
```

இரண்டாவது வடிவம் புள்ளியுடன் கூடிய சொல்லையும் ஏற்கும், ஏனெனில் யூனிகோடில் புள்ளி என்பது ‘ன’வுக்குப் பின் வரும் தனிக்குறி. ஆனால் ‘ஹீமோகுளோபின் அல்ல’ என்று எழுதினாலும் அது ஏற்றுக்கொள்ளும் என்பதை மறக்கக் கூடாது. அதனால்தான் வாக்கியத்தை முதலில் சீர்செய்ய வேண்டும் என்கிறேன்.

திரையில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் இதே சொல்லில் இருக்கிறது. ‘மோ’, ‘ளோ’ ஆகியவற்றின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் (U+0BCB), கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் (U+0BC7, U+0BBE) சேமிக்க முடியும். மூடுல் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவருகிறது. சொந்தமாக எழுதப்பட்ட தளங்களில் அதை நிரலாளரிடம் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். ‘ஔ’ என்பதற்குப் பதிலாக ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டப்படும் வடிவத்தை மட்டும் எந்தச் சீராக்கமும் திருத்தாது. ஔவையார், வௌவால் போன்ற விடைகளுக்கு இரு வடிவங்களையும் பட்டியலில் சேர்த்தாக வேண்டும்.

அறிவுறுத்தல்களில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டைப் பற்றிய வரியை மொழிபெயர்ப்பதில் பொருளில்லை, அதை நீக்கிவிடலாம். அந்த இடத்தில் ‘விடையை ஒரே சொல்லாகத் தமிழில் எழுதுங்கள், இறுதியில் முற்றுப்புள்ளி இட வேண்டாம்’ என்பது உண்மையிலேயே உதவும். பின்னூட்டத்திலும் ‘நீங்கள் தவறு’ என்று ஆளைச் சுட்டாமல், எழுதிய விடையை நோக்கிப் பேச வேண்டும். சிவப்பணு என்று எழுதியவருக்குப் பாதி மதிப்பெண் தந்து, ‘சிவப்பணு என்பது உயிரணு, அதனுள் ஆக்சிஜனைப் பிணைக்கும் புரதத்தின் பெயரையே இங்கு கேட்கிறோம்’ என்று சொன்னால், அடுத்த முயற்சியில் அவர் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

வெளியிடும் முன் சிறு குழுவை எழுதவைத்து, தளத்தின் புள்ளிவிவர அறிக்கையில் ஒவ்வொரு கேள்விக்கும் வந்த விடைகளைப் படித்துப் பாருங்கள். மற்றக் கேள்விகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் இதில் மட்டும் தவறியிருந்தால், குறை பெரும்பாலும் விடைப்பட்டியலில்தான் இருக்கும். விடுபட்ட வடிவங்களைச் சேர்த்த பின் மறுமதிப்பீட்டை இயக்க வேண்டும்; ஏற்கெனவே எழுதி முடித்தவர்களின் மதிப்பெண் தானாக மாறாது.