கே-மீன்ஸ்: சந்தைக்கு வருபவர்களைக் கணினி எப்படிக் குழு பிரிக்கிறது

குடியிருப்புப் பகுதிச் சந்தை ஒன்றின் வாசலில் ஒரு மாதம் நின்று கவனித்தால் ஆட்கள் தாமாகவே ரகம் பிரிந்து தெரிவார்கள். அநேகமாகத் தினமும் எட்டிப் பார்த்து மூன்று நான்கு பொருட்களோடு திரும்புகிறவர் ஒரு ரகம். எப்போதாவது வந்து பை நிறைய அள்ளிப் போகிறவர் இன்னொரு ரகம். பத்து இருபது பேர் என்றால் கண்ணே போதும். ஐயாயிரம் பேர் என்றால் கணினியிடம் விட வேண்டும். கணினிக்கோ 'ரகம்' என்றால் என்னவென்று தெரியாது, இவர் இந்த ரகம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவும் இல்லை. அதன் கையில் இருப்பது எண்கள் மட்டும். அந்த எண்களை வைத்தே ஆட்களைக் குழு பிரிக்கும் எளிய முறைதான் கே-மீன்ஸ். 'கே' என்பது எத்தனை குழு வேண்டும் என்ற எண்ணிக்கை. 'மீன்ஸ்' என்றால் சராசரிகள். மொத்த வேலையும் சராசரி எடுப்பதும் தூரம் அளப்பதும்தான்.

ஆளுக்கு இரண்டு எண்கள் எடுத்துக்கொள்வோம். மாதத்தில் எத்தனை தடவை வருகிறார் என்பது முதல் எண். ஒரு தடவைக்குச் சராசரியாக எத்தனை பொருள் வாங்குகிறார் என்பது இரண்டாவது. முதலில் ஆறு பேர் போதும்.

```
ஆள்   வருகை   பொருட்கள்
அ      20       3
ஆ      26       4
இ      23       5
ஈ       4      18
உ       2      22
ஊ       6      20
```

கட்டம் போட்ட தாளில் வருகையைக் கிடையாகவும் பொருட்களை மேலாகவும் குறித்தால் ஒவ்வொருவரும் ஒரு புள்ளி ஆகிவிடுவார். இரண்டு பேர் எவ்வளவு ஒத்தவர்கள் என்பது அந்தப் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம். அ-வுக்கும் ஆ-வுக்கும் வருகையில் வித்தியாசம் 6, பொருட்களில் 1. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டினால் 36 + 1 = 37. முறைப்படி இதற்கு வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஆனால் எது கிட்டே, எது எட்ட என்று ஒப்பிடுவது மட்டுமே நோக்கம் என்பதால் வர்க்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டு குழு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொடங்குவதற்கு இரண்டு மையங்கள் தேவை. கண்ணை மூடிக்கொண்டு யாராவது இருவர் இருக்கும் இடத்தில் வைத்துவிடலாம். வேண்டுமென்றே மோசமாகத் தொடங்கிப் பார்ப்போம்: ஒரே ரகத்தைச் சேர்ந்த அ, ஆ இருவர் மேலும் மையங்களை வைப்போம்.

முதல் சுற்றில் ஒவ்வொருவரும் தனக்குக் கிட்டே இருக்கும் மையத்தோடு சேர வேண்டும். இ-க்கு முதல் மையம் 13, இரண்டாவது 10. ஆகவே ஆ பக்கம் போகிறார். ஈ-க்கு முதல் மையம் 481, இரண்டாவது 680. இரண்டுமே தொலைவுதான், ஆனாலும் ஒன்றில் சேர்ந்தாக வேண்டும், அ பக்கம் போகிறார். உ, ஊ இருவரும் அவர் பின்னால் அங்கேயே போகிறார்கள். அ, ஈ, உ, ஊ ஒரு குழு, ஆ, இ ஒரு குழு. அபத்தமான பிரிவினை.

இப்போது இரண்டாவது வேலை. ஒவ்வொரு குழுவின் சராசரியையும் எடுத்து, மையத்தை அங்கே நகர்த்த வேண்டும். முதல் குழுவின் வருகைச் சராசரி (20 + 4 + 2 + 6) ÷ 4 = 8, பொருட்களின் சராசரி 15.75. இரண்டாவது குழுவின் மையம் 24.5, 4.5 என்ற இடத்துக்குப் போகிறது. ஈ, உ, ஊ மூவரும் சேர்ந்து முதல் மையத்தை அ-விடமிருந்து தங்கள் பக்கம் இழுத்துவிட்டதைக் கவனியுங்கள்.

மறுபடி தூரம் அளக்கிறோம். அ-வுக்குத் தன் குழுவின் மையம் ஏறத்தாழ 306.6, அடுத்த குழுவின் மையம் வெறும் 22.5. அவர் கட்சி மாறுகிறார். மற்ற யாரும் நகரவில்லை. திரும்பவும் சராசரி எடுத்தால் மையங்கள் (23, 4), (4, 20) என்று வந்து நிற்கின்றன. மூன்றாவது சுற்றில் ஒருவரும் இடம் மாறவில்லை. மாற்றம் நின்றால் வேலை முடிந்தது.

சேர்ப்பது, நகர்த்துவது, மீண்டும் சேர்ப்பது. இவ்வளவுதான் கே-மீன்ஸ். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் லாயிட் 1957-இல் இதை எழுதியது கடைக்காரர்களுக்காக அல்ல, மின்சமிக்ஞைகளை எண்களாக மாற்றும் வேலைக்காக. அது அச்சேறியது 1982-இல்தான். அதற்குள் 1967-இல் ஜேம்ஸ் மெக்வீன் இந்தப் பெயரை வைத்துவிட்டார்.

எல்லோருக்கும் அவரவர் மையத்திலிருந்து உள்ள தூர வர்க்கங்களைக் கூட்டினால் ஒரே ஓர் எண் கிடைக்கும். அதைச் சிதறல் என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப மையங்களோடு அது 1661. முதல் நகர்த்தலுக்குப் பிறகு 429.75. கடைசியில் 36. ஒவ்வொரு படியிலும் இந்த எண் குறையும் அல்லது அப்படியே நிற்கும், கூடவே கூடாது. நீங்களே நிரல் எழுதி அது எங்காவது கூடினால் நிரலில் பிழை என்று அர்த்தம்.

ஆனால் சிதறல் இனிமேல் குறையாது என்பதும், இதைவிடக் குறைவான சிதறல் வேறில்லை என்பதும் ஒன்றல்ல. புதிதாகக் கற்பவர்கள் சறுக்குவது இங்கேதான். இன்னும் மூன்று பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியும்: எ (4, 3), ஏ (6, 2), ஐ (5, 4). எப்போதாவது வந்து கொஞ்சமாக வாங்குகிறவர்கள். இப்போது ரகங்கள் மூன்று, ஆகவே மூன்று மையங்கள். அவற்றை அ, ஆ, ஐ மேல் வைத்துத் தொடங்குங்கள்.

தினமும் வருகிற மூவருக்கு இரண்டு மையங்கள் பக்கத்திலேயே கிடைத்துவிட்டன. மற்ற ஆறு பேருக்கும் கிட்டே இருப்பது ஐ ஒன்றுதான். அதன் மையம் நகர்ந்து (4.5, 11.5) என்ற இடத்தில் போய் நிற்கிறது. அந்த இடத்தில் ஆளே இல்லை. பை நிறைய வாங்குகிறவர்களுக்கும் கொஞ்சமாக வாங்குகிறவர்களுக்கும் நட்டநடுவில், யாரையும் குறிக்காத ஒரு சராசரி. அடுத்த சுற்றில் ஒருவரும் நகரவில்லை. முறையைப் பொறுத்தவரை வேலை முடிந்துவிட்டது. சிதறல் 460. சரியான பிரிவினையில் அது 40 மட்டுமே. பதினொரு மடங்குக்கும் மேல் மோசமான விடையில் நிம்மதியாக நின்றுவிட்டது, எச்சரிக்கை எதுவும் வராது.

மருந்து எளிது. வெவ்வேறு தொடக்கங்களோடு பத்துத் தடவை ஓட்டி, சிதறல் எதில் குறைவோ அதை வைத்துக்கொள்வது. தொடக்க மையங்களை ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளித் தேர்ந்தெடுக்கும் கே-மீன்ஸ் பிளஸ் பிளஸ் என்ற உத்தி 2007-இல் வந்தது, இன்று பல மென்பொருள்களில் அதுவே இயல்பான தொடக்கம். பைத்தானில் இப்படி:

```python
import numpy as np
from sklearn.cluster import KMeans

X = np.array([[20,3],[26,4],[23,5],
              [4,18],[2,22],[6,20],
              [4,3],[6,2],[5,4]])
km = KMeans(n_clusters=3, n_init=10, random_state=0).fit(X)
print(km.labels_, km.inertia_)
```

`inertia_` என்பதுதான் நம் சிதறல், 40 என்று வர வேண்டும். `n_init=10` என்பதைக் கையால் எழுதிவிடுவது நல்லது. புதிய பதிப்புகளில் எழுதாமல் விட்டால் ஒரே தடவைதான் ஓடும். மாட்டிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் `n_init=10` இருக்கும் இடத்தில் `init=np.array([[20,3],[26,4],[5,4]]), n_init=1` என்று கொடுங்கள், 460 வரும். `labels_` தருகிற 0, 1, 2 வெறும் அடையாளம், தரவரிசை அல்ல. `random_state`-ஐ மாற்றி ஓட்டினால் அதே குழுவுக்கு வேறு எண் வரலாம்.

சரி, மூன்று குழு என்று எப்படித் தெரியும்? ஒன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டிச் சிதறலைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நம் ஒன்பது பேருக்கு ஒரு குழு என்றால் 1272, இரண்டு என்றால் 475, மூன்று என்றால் 40, நான்கு என்றால் 25. மூன்று வரை சரசரவென்று இறங்கி, பிறகு தவழ்கிறது. கோடாக வரைந்தால் முழங்கைபோல் மடங்கும் அந்த இடம்தான் நமக்கு வேண்டியது. சிதறல் குறைந்தால் நல்லது என்று மட்டும் பார்த்தால் ஒன்பது பேருக்கு ஒன்பது குழு போட்டுப் பூஜ்யமே எடுத்துவிடலாம், அதனால் யாருக்கும் பயனில்லை. உண்மைத் தரவில் மடிப்பு இவ்வளவு கூர்மையாக வருவது அரிது. அப்போது மூன்றா நான்கா என்பதை அந்தக் குழுக்களை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்த சிக்கல் அலகு. ஒவ்வொருவரின் வீட்டிலிருந்து சந்தைக்கு எவ்வளவு தூரம் என்பதை மூன்றாவது எண்ணாகச் சேர்க்கிறீர்கள், மீட்டரில். இருவருக்கு வருகையில் 20 வித்தியாசம் என்றால் வர்க்கம் 400. வீட்டுத் தொலைவில் 300 மீட்டர் வித்தியாசம் என்றால் வர்க்கம் 90,000. வருகையும் பொருட்களும் இருந்த இடம் தெரியாமல் போய், குழுக்கள் வீட்டுத் தொலைவை வைத்து மட்டுமே பிரியும். அதே தொலைவைக் கிலோமீட்டரில் எழுதினால் 0.3, வர்க்கம் 0.09. இப்போது தொலைவு இருந்தும் இல்லாததுபோல. ஆட்கள் மாறவில்லை, அலகு மாறியதும் விடை மாறுகிறது. அதனால் ஒவ்வொரு எண் வரிசையிலிருந்தும் அதன் சராசரியைக் கழித்து, எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவிக் கிடக்கின்றன என்பதைச் சொல்லும் திட்ட விலக்கத்தால் வகுத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். sklearn-இல் உள்ள `StandardScaler` செய்வது இதைத்தான். கடை எண், பகுதி எண் போன்ற பெயர்ச்சீட்டு எண்களை அப்படியும் சேர்க்கக் கூடாது, 2-க்கும் 9-க்கும் சராசரியாக ஐந்தரையாம் கடை என்று ஒன்று இல்லை.

கடைசியாக, ஒரே ஓர் ஆள் எப்படி எல்லாவற்றையும் கவிழ்ப்பார் என்று பாருங்கள். மாதம் நான்கு தடவை வந்து, தடவைக்கு 120 பொருட்கள் வாங்கும் ஒருவர் வருகிறார். அநேகமாக வாங்கி விற்கிறவராக இருப்பார். நம் மூன்று மையங்களும் சரியான இடத்தில் இருக்கும்போதே அவரைச் சேர்த்துவிடுவோம். அவருக்குக் கிட்டே இருப்பது பை நிறைய வாங்குகிறவர்களின் மையம் (4, 20). அங்கே சேர்ந்ததும் அதை (4, 45)-க்கு இழுத்துவிடுகிறார். இப்போது ஈ-க்குத் தன் மையம் 729, கொஞ்சமாக வாங்குகிறவர்களின் மையம் 226. ஈ மட்டுமல்ல, உ, ஊ இருவரும் அங்கே தாவுகிறார்கள். புதியவர் தனியாக ஒரு குழு, மீதி ஆறு பேரும் மறுபடி அந்த ஆளில்லாத இடத்தைச் சுற்றி ஒரே கூட்டம். பத்துத் தடவை ஓட்டினாலும் இது சரியாகாது, ஏனென்றால் மூன்று குழுக்களுக்குள் குறைந்த சிதறலே இந்தப் பிரிவினையில்தான்.

தூர வர்க்கம் எட்ட இருப்பவருக்கு அளவுக்கு மீறிக் குரல் கொடுப்பதால் வரும் வினை இது. ஆகவே விடை கையில் வந்ததும் குழுக்களுக்குப் பெயர் சூட்டுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். ஐயாயிரம் பேரில் ஒரு குழுவில் ஒருவரோ மூவரோ மட்டும் இருந்தால், அவர்களை எடுத்துத் தனியே வைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொரு மையத்துக்கும் மிகக் கிட்டே உள்ள நான்கைந்து பேரின் உண்மையான வருகையையும் பொருட்களையும் எடுத்து வாசியுங்கள். மையம் (4.5, 11.5) என்று சொல்லும்போது பக்கத்தில் அப்படி வாங்குகிற ஒருவர்கூட இல்லை என்றால், அந்தக் குழுவுக்குள் இரண்டு ரகம் ஒளிந்திருக்கிறது.